கோடு எந்தப் பக்கம் போகிறது?

ஒரே மாலையில் இரண்டு குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வருவதாக எண்ணிக்கொள்வோம். ஒருத்திக்குப் பதினொரு வயது. மாடிப்படியில் கால் தவறி, உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை முள்கரண்டியைப் போல வளைந்து நிற்கிறது. தாய்க்கு அதைப் பார்க்கும்போதே தலை சுற்றுகிறது. மற்றவன் ஒன்பது வயதுப் பையன். மதில் சுவரிலிருந்து குதித்தபோது பாதம் உட்பக்கமாக மடங்கிவிட்டது. கணுக்காலின் உட்பக்கம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நொண்டி நொண்டி நடக்கிறான். "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டா ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்" என்று பாட்டி சொன்னதைக் கேட்காமல் அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று அழைத்து வந்திருக்கிறார்.

இரண்டு எக்ஸ்ரேயையும் பார்க்கும் எலும்பு மருத்துவர் சிறுமியின் கையைப் பற்றி அதிகம் கவலைப்பட மாட்டார். பையனின் கணுக்காலைத்தான் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வளைந்து போன கை ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும், ஓராண்டில் அது முறிந்த கை என்பதே தெரியாமல் போகலாம். மயிரிழைபோல ஒரு கோடு மட்டும் ஓடும் அந்தக் கணுக்கால், சரியாகக் கவனிக்கப்படாவிட்டால், பையன் வளர வளரக் கோணிக்கொண்டே போகும். காரணம், முறிவுக் கோடு ஓடும் திசை.

அதைப் புரிந்துகொள்ள, குழந்தையின் எலும்பு எங்கே வளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு தன் நீளம் முழுவதிலும் இழுபட்டு வளர்வதில்லை. தென்னை உச்சிக் குருத்தில் மட்டும் வளர்வதைப்போல, கைகால்களின் நீண்ட எலும்புகள் தம் முனைகளுக்கு அருகில் மட்டுமே வளர்கின்றன. நடுவில் இருப்பது தண்டு. மூட்டை ஒட்டியிருப்பது முனை. தண்டுக்கும் முனைக்கும் இடையே சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்காது என்பதால் எக்ஸ்ரேயில் அது வெற்றிடமாக, ஒரு கருங்கோடாகத் தெரியும். குழந்தையின் எக்ஸ்ரேயை முதன்முதலாகப் பார்க்கும் பெற்றோர் பலர் அந்தக் கருங்கோட்டையே முறிவு என்று நினைத்துப் பதறுவதுண்டு. நேர்மாறாக, உண்மையான முறிவு அந்தக் கருங்கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதும் உண்டு.

தட்டுக்குள் செல்கள், அடுக்கி வைத்த காசுகளைப்போல, நெடுக்குவாக்கில் வரிசை வரிசையாக நிற்கின்றன. முனைக்கு அருகில் இருப்பவை பிரிந்து பெருகும் இளஞ்செல்கள். அவை தண்டை நோக்கித் தள்ளப்படும்போது பருத்து உப்பி, பிறகு சுண்ணாம்பு படிந்து எலும்பாக மாறுகின்றன. தட்டின் உயிர் முனைப்பக்கத்தில் இருக்கிறது. இளஞ்செல்களுக்கு வேண்டிய இரத்தமும் பெரும்பாலும் முனைப்பக்கக் குழாய்களிலிருந்தே வருகிறது. தட்டின் பலவீனமான இடமோ உப்பிய செல்களின் அடுக்கு. அங்கே செல்கள் பெரிதாகவும், அவற்றுக்கு இடையே உள்ள பிடிமானம் குறைவாகவும் இருக்கும். ஆகவே பக்கவாட்டில் விசை வந்து தாக்கும்போது தட்டு பொதுவாக அந்த அடுக்கிலேயே பிளக்கிறது. பிளந்தாலும், பெருகும் செல்கள் முனையோடு ஒட்டிக்கொண்டு, தம் இரத்தத்தோடு பத்திரமாக இருந்துவிடுகின்றன. தட்டு முறிந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் குறையின்றித் தேறுவது இந்த அமைப்பினால்தான்.

1963இல் கனடாவின் டொரொன்டோ நகரைச் சேர்ந்த இரண்டு எலும்பு அறுவை மருத்துவர்கள், ராபர்ட் சால்ட்டரும் ராபர்ட் ஹாரிசும், இந்த முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்கு முன்பே பலர் வகைப்படுத்திப் பார்த்திருந்தனர். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டில், 1898இல், லண்டன் அறுவை மருத்துவர் ஜான் போலண்ட் இதற்காகவே ஒரு பெரிய நூல் எழுதினார். ஆனால் சால்ட்டரும் ஹாரிசும் கேட்ட கேள்வி எளிமையாக இருந்தது. கோடு தட்டுக்குள்ளேயே ஓடி முடிகிறதா? தட்டிலிருந்து தண்டுப் பக்கம் திரும்புகிறதா? முனைப்பக்கம் திரும்பி மூட்டுக்குள் இறங்குகிறதா? அல்லது தண்டிலிருந்து முனைவரை தட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா? இந்தப் பதிலிலேயே சிகிச்சையும் எதிர்காலமும் பெருமளவு அடங்கியிருப்பதை அவர்கள் காட்டினார்கள். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் "சால்ட்டர் ஹாரிஸ் டூ", "சால்ட்டர் ஹாரிஸ் ஃபோர்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

முதல் வகையில் கோடு தட்டை விட்டு வெளியே வருவதில்லை. முனை விலகியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். விலகாவிட்டால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஆனால் தட்டு இருக்கும் இடத்தில் விரல் வைத்தால் குழந்தை துடிக்கும். குழந்தைகளுக்கு மூட்டைப் பிணைக்கும் நார்கள் தட்டைவிட வலுவானவை, ஆகவே அவர்களுக்குச் சுளுக்கு வராது, தட்டுத்தான் முறியும் என்று நெடுங்காலம் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 2016இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு இதை எம்.ஆர்.ஐ. மூலம் சோதித்தது. கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கி, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத 135 குழந்தைகளில் நான்கு பேருக்கு மட்டுமே தட்டு முறிந்திருந்தது, 108 பேருக்கு நார்கள்தான் காயம்பட்டிருந்தன. ஆகவே வெளிப்பக்கக் கணுக்கால் சுளுக்கு குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால் இந்த ஆறுதலை உட்பக்கக் கணுக்காலுக்கோ மணிக்கட்டுக்கோ முழங்காலுக்கோ நீட்டிவிடக் கூடாது.

மிக அதிகமாகக் காணப்படுவது இரண்டாம் வகை. நம் சிறுமியின் மணிக்கட்டு அதுதான். கோடு தட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி, தட்டு வழியாகவே ஓடி, மறுபக்கம் போய்ச் சேருமுன் தண்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் முனையோடு தண்டின் ஒரு சிறு முக்கோணத் துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். லிவர்பூல் நகரின் எக்ஸ்ரே மருத்துவர் தர்ஸ்டன் ஹாலண்டின் பெயரால் அதை ஹாலண்ட் துண்டு என்கிறார்கள். பார்ப்பதற்கு இது முதல் வகையைவிட மோசமாகத் தோன்றும். ஆனால் பெருகும் செல்கள் இருக்கும் பக்கத்தைக் கோடு தொடவில்லை. மூட்டின் வழவழப்பான பரப்பையும் தொடவில்லை. அந்த முக்கோணம் இருக்கும் பக்கத்தில் எலும்பின் மேலுறை கிழியாமல் இருக்கும். மருத்துவர் எலும்பைத் தள்ளிப் பொருத்தும்போது அந்த உறையே கதவுக்குக் கீல் போல நின்று, எல்லை மீறிப் போகாமல் தடுக்கிறது.

சிறுமிக்கு மயக்கம் கொடுத்து, முதலில் கையை நிதானமாக இழுத்து, முனையைத் தண்டிலிருந்து சற்று விலக்கி, பிறகு பொருத்துவார்கள். இழுக்காமல் அழுத்தித் தள்ளினால் முனை தண்டின் விளிம்பில் உரசி, தட்டையே சிதைத்துவிடும். பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் எலும்பு நூல் பிடித்தாற்போல நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பெற்றோர் சங்கடப்படுவார்கள். ஆனால் முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த மணிக்கட்டுத் தட்டிலேயே நடக்கிறது. வளர்ச்சி இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் மிச்சமிருக்கும் குழந்தைக்கு அந்தச் சிறு சாய்வைத் தட்டே வளர்ந்து வளர்ந்து நிமிர்த்திவிடும். இங்கே கெடுதல் பெரும்பாலும் அவசரத்தால்தான் வருகிறது. ஒரு வாரம், பத்து நாள் கழிந்தபின் "இன்னும் கொஞ்சம் நேராக்கலாம்" என்று மீண்டும் இழுத்துத் தள்ளினால், அதற்குள் சேரத் தொடங்கிவிட்ட தட்டு கிழிபடும். அந்த நாட்களுக்குப் பிறகு முதல் இரண்டு வகை முறிவுகளை வலிந்து அசைக்காமல் விடுவதே பெரும்பாலும் நல்லது.

மூன்றாம் வகையில் கோடு தட்டிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பி, முனையைப் பிளந்து, மூட்டுக்குள் இறங்குகிறது. நான்காம் வகையில் தண்டில் தொடங்கி, தட்டைக் குறுக்கே வெட்டி, முனையையும் பிளந்து மூட்டில் முடிகிறது. இரண்டிலும் மூட்டின் பரப்பு உடைகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்தாலோ இடைவெளி இருந்தாலோ மூட்டு தேய்ந்துபோகும் என்பதால் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படும். ஐந்தாவது வகையில் கோடே கிடையாது. நேராக மேலிருந்து வந்த அழுத்தத்தில் தட்டு நசுங்கிப்போகிறது. முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து எலும்பு வளராமல் நின்ற பிறகே அது நடந்திருப்பது தெரியவரும்.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டை நம் பையனின் காலைக் கொண்டே பார்ப்போம். பாதம் உட்பக்கம் மடங்கும்போது, கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பு உட்புறக் கணுவைக் கீழிருந்து முட்டித் தள்ளுகிறது. எக்ஸ்ரேயில் மூட்டின் உள்மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு செங்குத்தாக மேலேறித் தட்டைச் சேர்கிறது. அங்கேயே நின்றுவிட்டால் அது மூன்றாம் வகை. கூர்ந்து பார்த்தால், தட்டுக்கு மேலே தண்டிலும் ஒரு சிறு செதில் பெயர்ந்திருக்கிறது. அப்படியானால் நான்காம் வகை. அந்தச் செதில் மிகச் சிறியதாக இருக்கலாம், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பையனுக்கு அதில் துண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறியிருப்பது தெரிகிறது.

மூன்று மில்லிமீட்டர் என்பது காலின் அளவுக்கு ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் தட்டே சில மில்லிமீட்டர்தான். துண்டு அவ்வளவு மேலேறினால், முனையின் எலும்பு தண்டின் எலும்புக்கு நேரெதிரே போய் நிற்கிறது. இடையே இருக்க வேண்டிய குருத்தெலும்பு அந்த இடத்தில் இல்லை. எலும்பும் எலும்பும் தொட்டால் சேர்ந்துவிடும், அது எலும்பின் இயல்பு. இங்கே அந்த நல்ல இயல்பே கேடாகிறது. தட்டின் குறுக்கே ஒரு சிறு எலும்புப் பாலம் உருவாகி, முனையையும் தண்டையும் ஓரிடத்தில் பிணைத்துவிடுகிறது. பாலம் உட்பக்க மூலையில் இருக்கிறது, வெளிப்பக்கத் தட்டோ தன் போக்கில் வளர்கிறது. ஒரு பக்கம் கயிற்றால் கட்டப்பட்ட கன்றைப்போலக் கணுக்கால் கட்டப்பட்ட பக்கமாகச் சாய்கிறது.

கீழ்க்கால் பெரிய எலும்பின் கணுக்கால் முனை ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் வளரும். ஒன்பது வயதுப் பையனுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டு வளர்ச்சி மிச்சமிருக்கிறது. மொத்தக் கணக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். கால் அவ்வளவு குட்டையானால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நின்றுபோனால், அதே சென்டிமீட்டர்கள் கோணலாக மாறுகின்றன. பாதம் உள்நோக்கிச் சாய்ந்து, எடை முழுவதும் மூட்டின் ஓர் ஓரத்தில் விழுகிறது.

ஆகவே பையனுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் தயக்கத்துக்கு இடமில்லை. தோலைத் திறந்து, மூட்டின் பரப்பை நேரில் பார்த்து, படி இல்லாமல் பொருத்துவார்கள். மூட்டு சரியாகப் பொருந்தினால் தட்டும் தட்டோடு பொருந்திவிடும். ஸ்க்ரூ போடும் திசை முக்கியம். ஒரு ஸ்க்ரூ முனைக்குள்ளேயே, தட்டுக்கு இணையாகப் போகும். தண்டுத் துண்டு போதிய அளவு இருந்தால் இன்னொன்று தண்டுக்குள்ளேயே போகும். தட்டைக் குறுக்கே துளைத்து மரையுள்ள ஸ்க்ரூ போடுவதில்லை, அது மருத்துவரே போட்ட பாலமாகிவிடும். குறுக்கே போயே ஆகவேண்டிய நிலையில், மரையில்லாத வழவழப்பான மெல்லிய கம்பியைப் போட்டுச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள்.

இதே கணுக்காலில், வயது மாறினால் கதையும் மாறும். பதின்மூன்று வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ இந்தத் தட்டு மூடத் தொடங்கியிருக்கும். முதலில் நடுப்பகுதி, பிறகு உட்பக்கம், கடைசியில் வெளிப்பக்கம். அந்த வயதில் பாதம் முறுக்கிக்கொண்டால், இன்னும் மூடாத வெளிமூலைத் துண்டு மட்டும் பிய்ந்து வரும். டில்லோ முறிவு என்று அதற்குப் பெயர். இதுவும் மூன்றாம் வகைதான், ஆனால் வளர்ச்சி ஏற்கெனவே முடியப்போகிறது. இங்கே மருத்துவர் கவலைப்படுவது மூட்டின் பரப்பைப் பற்றி மட்டும்.

எண் சிறிதாக இருந்தால் ஆபத்தும் சிறிது என்று நம்பிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. அது முழங்காலை ஒட்டிய தொடை எலும்பின் முனை. அங்கே தட்டு சமதளமாக இல்லை, மேடும் பள்ளமுமாக அலைபோல இருக்கிறது. அதைப் பெயர்க்கப் பெரும் விசை வேண்டும், பெரும்பாலும் வாகன விபத்தோ விளையாட்டு மோதலோ. முனை பக்கவாட்டில் நகரும்போது மேடுகள் உராய்ந்து, கோடு உப்பிய அடுக்கோடு நிற்காமல் பெருகும் அடுக்கையும் வெட்டிவிடுகிறது. மணிக்கட்டில் நூற்றுக்குச் சிலருக்கு மட்டுமே வரும் வளர்ச்சிக் குறைபாடு இங்கே ஏறக்குறைய பாதிப்பேருக்கு வருகிறது, இரண்டாம் வகையிலும்கூட. தொடை எலும்பின் வளர்ச்சியில் எழுபது விழுக்காடு இந்தத் தட்டில்தான், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. ஆகவே மருத்துவர் வகையைச் சொல்லும்போது, எந்த எலும்பு, எந்த முனை, குழந்தைக்கு எத்தனை வயது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலம் உருவாகிவிட்டதா என்பதை எப்படி அறிவது? முறிவின் அதிர்ச்சியில் எலும்பு சில நாள் வளர்ச்சியைக் குறைத்து, பிறகு மீண்டும் தொடங்குகிறது. அந்த நிறுத்தம் எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய வெண்கோடாகப் பதிவாகும். இதையும் ஹாரிஸ் கோடு என்பார்கள், ஆனால் இவர் வேறொரு ஹாரிஸ், பிரிட்டனைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர். தட்டு எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்தால், அந்தக் கோடு தட்டிலிருந்து ஒரே அளவு விலகி, இணையாக நிற்கும். ஒரு பக்கம் தட்டோடு ஒட்டிக்கொண்டு மறுபக்கம் விலகிப்போனால், ஒட்டிய இடத்தில் பாலம் இருக்கிறது. காலில் கோணல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, சில மாதங்களுக்குள் எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரிந்துவிடும்.

அப்போது கண்டுபிடித்தால் வழி இருக்கிறது. பாலம் தட்டின் பரப்பில் பாதிக்கும் குறைவாக இருந்து, வளர்ச்சி இரண்டு ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்தால், அந்தப் பாலத்தை மட்டும் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் குழந்தையின் சொந்தக் கொழுப்பை வைத்து நிரப்பலாம். பின்லாந்தின் லாங்கன்ஷோல்ட் 1960களில் செய்துகாட்டிய முறை இது. கொழுப்பு இருக்கும் இடத்தில் எலும்பு மறுபடி சேர்வதில்லை. இந்த அறுவை எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாமதமானால், தட்டின் மிச்சப் பகுதியையும் மூடி மேலும் கோணாமல் நிறுத்துவதும், எலும்பை வெட்டி நேராக்குவதும்தான் மிஞ்சும்.

இனி பெற்றோரிடம் சில வார்த்தைகள். விழுந்த குழந்தை காலை ஊன்றவோ கையை அசைக்கவோ மறுத்தால், மூட்டுக்கு அருகில் எலும்பின் மேலேயே வலித்தால், எண்ணெய் போட்டு உருவாதீர்கள், சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் இழுக்க விடாதீர்கள். ஒரு கட்டையையோ மடித்த செய்தித்தாளையோ வைத்து அசையாமல் கட்டி, எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கோடு தட்டைத் தாண்டுகிறதா, மூட்டுக்குள் போகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் எக்ஸ்ரேயைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் எடுப்பவற்றை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

மாவுக்கட்டைப் பிரித்து, வலி போய், பையன் தெருவில் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. பாலம் வலிக்காது. அது உருவாகும் மாதங்களில் குழந்தை நன்றாகத்தான் ஓடும். மருத்துவர் ஆறாம் மாதம் வரச் சொல்லியிருந்தால், பிள்ளை எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள்.